புலி என்ற சொல் இருந்த வரிகள்

வந்த இருவரும் தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்கள். கோபமாக ஒன்றும் பேசவில்லை. ஒருவர் நல்ல தமிழ் பேசினார். தெற்கில் பிறந்தவர், வவுனியாவில் பல வருடம் வேலை செய்ததாகச் சொன்னார். மற்றவர் பேசவே இல்லை. எங்கள் அறையின் சுவரில் ஒட்டியிருந்த கடற்கரை வரைபடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவர்களுடைய மோட்டார்சைக்கிள் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் அண்ணை கதிரையில் சாய்ந்தார்.

அண்ணை என்று நான் சொல்வது எங்கள் முதலாளியை. உயிலங்குளத்துக்காரர். வயலை விற்காமல், கடன்படாமல், மன்னார் பட்டினத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இரண்டு அறை எடுத்து மென்பொருள் செய்துகொடுக்கும் தொழில் தொடங்கியவர். அப்போது அங்கே அவரும் நானும்தான். கணக்குப் பார்க்க வாரத்தில் ஒருநாள் ஒரு பெண் வருவாள்.

எங்களுடைய பெரிய வேலை மீனவர்களுக்கானது. கரைக்கு வந்த படகுக்காரர் தன் சாதாரணத் தொலைபேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார்: என்ன மீன், எத்தனை கிலோ. நிரல் அதை வாங்கிப் பதிந்து, எந்தக் கரையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொல்லும். ஐஸ் லொறி எங்கே போகவேண்டும் என்பதை அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். தாழ்வுபாட்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் இருந்தவர்கள்கூட அதைப் பாவித்தார்கள். நன்றாக ஓடியதால் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோர் அதை எடுத்து, தங்கள் கணினியில் வைத்து, மற்றக் கரைகளுக்கும் கொடுக்க விரும்பியது. அதற்கு முன் நிரலின் மூலவரிகள் முழுவதையும் தங்கள் பாதுகாப்புப் பிரிவு வாசிக்கவேண்டும் என்றது. வந்த இருவரும் அதைச் சொல்லத்தான் வந்தார்கள்.

"வியாழக்கிழமை வாறம். ஒரு பென்டிரைவில போட்டு வையுங்கோ. எங்கட ஆக்கள் ஒவ்வொரு வரியா வாசிப்பினம்" என்று தமிழ் பேசியவர் சொல்லியிருந்தார். அன்று திங்கள்.

"ஒளிக்க என்ன இருக்கு, வாசிக்கட்டும்" என்றார் அண்ணை. நானும் அப்படித்தான் நினைத்தேன். கொடுப்பதற்கு முன் ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று கோப்புகளைத் திறந்தேன். நிரலின் பெரும்பகுதியை எழுதியவன் எனக்கு முன்பு அங்கே வேலை செய்த ஒரு தம்பி. பெரியமடுப் பிள்ளை. கெட்டிக்காரன். கனடாவுக்குப் போய்விட்டான். அவன் எழுதியதில் தேவைப்பட்ட இடங்களை மட்டும் நான் தொட்டிருந்தேனே தவிர, முழுவதையும் ஒருநாளும் வாசித்ததில்லை.

முதலில் திறந்தது இறங்குதுறைகளின் கோப்பு. ஒவ்வொரு துறைக்கும் வரைபடத்தில் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்கள். அந்த எண்களுக்குப் பக்கத்தில், கணினி கவனிக்காமல் விட்டுவிடும் குறிப்பாக, ஆங்கில எழுத்தில் தமிழில் ஒரு வரி இருந்தது.

புலி இங்க படுத்திருக்கு. ஆரும் தொடாதேங்கோ.

நான் அதை இரண்டு மூன்று முறை வாசித்தேன்.  கீழே இன்னொரு துறை. எண்கள். பக்கத்தில்: இந்தப் புலிய நான் பிறகு வந்து பார்க்கிறன்.

நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படி எழுதுவார்கள். மனிதர் வாசிப்பதற்காக வரிக்கு ஓரத்தில் ஒரு குறிப்பு. நாங்கள் கொமென்ட் என்போம். எங்கள் நிரல் எழுதப்பட்ட பைத்தன் மொழியில் # என்ற வேலிக்குறி போட்டு அதன்பின் எழுதினால் வரி முடியும்வரை கணினி அதைப் படிக்காது. தம்பி பிடிக்க முடியாத பிழைகளுக்குப் புலி என்று பெயர் வைத்திருந்தான். அது எனக்குப் புரிந்தது. ஆனால் கடற்கரையின் இடங்களைக் காட்டும் எண்களுக்குப் பக்கத்தில் அந்த வரியை வேறொருவர் வாசித்தால் என்ன புரியும் என்பதும் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதியவனின் முழுப்பெயர் இருந்தது.

"அண்ணை, ஒருக்கா இஞ்ச வாங்கோ."

அவர் என் தோளுக்கு மேலால் குனிந்து வாசித்தார். வாசித்து முடித்ததும் போய்க் கதவைச் சாத்தினார். கீழே மருந்துக்கடையில் ஆட்கள் பேசும் சத்தம் குறைந்தது. அவர் திரும்பி வந்து கேட்டார்.

"வேற எங்கையும் இருக்கோ?"

தேடினேன். திரை முழுவதும் மஞ்சள் மஞ்சளாக வந்தது. கோப்புக்குக் கோப்பு அந்தச் சொல்.

எங்களுடைய வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வீட்டில் அந்த மிருகத்தின் பெயரையே சொல்வதில்லை. அம்மா சந்தையில் புலி இறால் வாங்கும்போதுகூட 'வரி இறால்' என்றே கேட்பார். யாருடைய காதில் என்னவாக விழும் என்று தெரியாத காலம் அது. சண்டை முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும், ஒரு வரியைக் காட்டி "இது என்ன" என்று யாராவது கேட்டால், பதில் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதைச் சொல்லப் பல இடங்களுக்குப் போகவேண்டிவரும் என்ற பயம் உடம்பில் இருக்கிறது. மூளைக்குத் தெரியும், ஒன்றுமில்லை என்று. உடம்பு கேட்காது.

"எல்லாத்தையும் மாத்து பிள்ளை" என்றார் அண்ணை. "தேடி மாத்திற பட்டன் இருக்குத்தானே. ஒரே அடியில மாத்து."

"பொறுங்கோ அண்ணை. கோட்டுக்குள்ளயும் இருக்கு."

"என்னண்டு இருக்கும்?"

"இறால்."

அவர் கண்ணை மூடினார். மீனவர்கள் இறாலைப் பதியும்போது அனுப்பும் செய்தியில் அந்தச் சொல்தான் இனத்தின் குறியீடு. வேலிக்குறி, புலி, வேலிக்குறி, பிறகு கிலோ. எல்லாம் ஆங்கில எழுத்தில். தாழ்வுபாட்டிலிருந்து அக்கரைவரை எல்லோரும் பழகிவிட்டார்கள். பதிவுகள் வைத்திருக்கும் தரவுத்தளத்திலும் அந்த இறால் அந்தப் பெயரில்தான் கிடந்தது.

என்றாலும் அவருக்குப் பொறுமையில்லை. அடுத்த கணினியில் இருந்த பிரதியில் தானே அந்தப் பட்டனை அழுத்தினார். எங்கும் இருந்த புலி ஒரே நொடியில் 'கவனம்' ஆகியது. சரிபார்க்கும் சோதனைகளை ஓடவிட்டேன். ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பு. இறால் செய்தி எதை அனுப்பினாலும் 'இனம் தெரியாது' என்று பதில் வந்தது. நல்லவேளை, அது எங்கள் மேசையில் இருந்த பிரதி. கரையில் ஓடிக்கொண்டிருந்தது அல்ல.

பழைய நிலைக்குத் திருப்பினேன். திருப்பும்போதுதான் இன்னொன்று உறைத்தது. இப்படித் திருப்ப முடிகிறதென்றால், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் களஞ்சியத்தில் பழைய நிலைகளெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இன்றைக்கு மாற்றினாலும் நேற்று எழுதியது உள்ளே இருக்கும். மாற்றிய திகதியும், மாற்றியவள் என்று என் பெயரும் இருக்கும்.

அண்ணையிடம் சொன்னேன். 

"அப்ப அப்பிடியே குடுப்பமோ? குடுத்திட்டு, கேட்டா, இது சும்மா பகிடி எண்டு சொல்லுவமோ?"

"பெடியன்ர தாய் பெரியமடுவில தனிய இருக்கிறா அண்ணை."

அதற்குப் பிறகு அவர் அப்படியே கொடுப்பதைப் பற்றிப் பேசவில்லை.

கனடாவில் விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துத் தம்பியை அழைத்தேன். உற்சாகமாக எடுத்தான். அங்கே பனி, வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருக்கிறேன் என்றான். நான் அந்த வரியைச் சொன்னேன்.

"அக்கா, நான் பிழையைத்தான் அப்பிடி எழுதினனான். கம்பசில நாங்கள் அப்பிடித்தான் சொல்லுவம், கஷ்டமான பிழையெண்டா. சத்தியமா வேற ஒண்டுமில்லை."

"எனக்குத் தெரியும். நான் அதுக்குக் கேக்கேல்லை."

"ஆர் கேட்டது? அம்மாட்ட ஆரும் போனவையோ?"

"ஒருத்தரும் போகேல்லை. இன்னும் ஒருத்தரும் பார்க்கேல்லை. பார்க்கப் போயினம்."

"என்ர பேர் மேல இருக்குத்தானே அக்கா?"

"இருக்கு."

அவன் அழவில்லை. ஆனால் குரல் மாறிவிட்டது. தன் அறையில் ஒருத்தரும் கேட்காமல் எழுதிய பகிடி, தன் தாயின் வீட்டுப் படலையில் போய் நிற்கும் என்று அவன் நினைத்தே இருக்கமாட்டான். நான் சமாதானமாக ஏதோ சொன்னேன். சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். ஆனால் அவன் சொன்ன ஒரு சொல் எனக்கு உதவியது. பிழை. அவன் கருதியது அதைத்தான். அதைப் போட்டால் நான் ஒன்றையும் திரிக்கவில்லை. அவன் சொன்னதை வெளிப்படையாக எழுதுகிறேன். ஆங்கில எழுத்தில் puli, pizhai என்று எழுதும்போது அவ்விரண்டு சொற்களின் கடைசி எழுத்தும் ஒன்றுதான். புலிய என்பது பிழைய ஆகும். புலிக்கு என்பது பிழைக்கு ஆகும். சொல்லின் தலையை மட்டும் மாற்றினால் வால் தானாகப் பொருந்தும்.

செவ்வாய்க்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். முதலில் இலகுவான வழியைத்தான் பார்த்தேன். வேலிக்குறியிலிருந்து வரி முடியும்வரை குறிப்பு. ஆகவே வேலிக்குறிக்குப் பின்னால் அந்தச் சொல் வந்தால் மட்டும் மாற்று என்று ஒரு தேடல் எழுதினேன். ஓடவிட்டு, மாறிய வரிகளைப் பழையவற்றோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். மீனவர்களின் செய்தியும் வேலிக்குறியில்தான் தொடங்குகிறது. மேற்கோள் குறிகளுக்குள் இருந்த அந்தச் செய்தியின் மாதிரியை என் தேடல் குறிப்பு என்று நினைத்து மாற்றியிருந்தது. இறால் மறுபடியும் இல்லாமல் போயிருந்தது.

வெறும் எழுத்தாகப் பார்க்கிற எதற்கும் இந்த வித்தியாசம் தெரியாது. மேற்கோளுக்குள் இருக்கும் வேலிக்குறியும் வெளியே இருக்கும் வேலிக்குறியும் அதற்கு ஒன்றுதான். வித்தியாசம் தெரிந்தது மொழிக்கு மட்டும். பைத்தன் ஒரு கோப்பை வாசிக்கும்போது முதலில் அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது: இது பெயர், இது எண், இது மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்து, இது குறிப்பு. அந்தப் பிரிக்கும் கருவியை நாமும் பாவிக்கலாம். அதனிடம் கோப்பைக் கொடுத்து, நீ குறிப்பு என்று சொல்லும் துண்டுகளை மட்டும் காட்டு, அவை எந்த வரியில் எந்த இடத்தில் தொடங்குகின்றன என்றும் சொல் என்று கேட்டேன். பைத்தனில் குறிப்பு எப்போதும் வரியின் கடைசித் துண்டு. ஆகவே அது தொடங்கும் இடத்துக்கு முன்னால் உள்ளதைத் தொடாமல் விட்டு, பின்னால் உள்ளதில் மட்டும் சொல்லை மாற்றினால், வரியில் வேறொன்றும் அசையாது.

மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் திரையில் வரிசையாக வரவைத்தேன். அண்ணை பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக வாசித்தோம். குறிப்புகளுக்குள்ளும் சில இடங்களில் அது உண்மையான இறாலாக இருந்தது. 'புலி இறாலின் விலை சங்கம் தரும்' என்று ஒன்று. அதை மாற்றினால் பிழை இறால் ஆகிவிடும். இன்னொரு இடத்தில் புலிச் சுறா. அவற்றை விட்டுவிடும்படி கருவிக்குச் சொன்னேன்.

"இறாலெண்டா இறால்தானே. அதுக்கு ஆரும் ஒண்டும் சொல்லேலாது" என்றார் அண்ணை. தனக்குத்தானே சொல்வதுபோல இருந்தது.

கருவியை ஓடவிட்டேன். கோப்புகளில் வேறு எதுவும் மாறவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியவேண்டும். அதற்கும் மொழியிடமே கேட்டேன். ஒரு நிரலின் பொருளைப் பைத்தன் கிளை விட்ட மரம்போல ஓர் அமைப்பாகக் கட்டிக்கொள்ளும். குறிப்புகளுக்கு அந்த மரத்தில் இடமே இல்லை. பழைய கோப்பின் மரத்தையும் புதியதின் மரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், குறிப்பை மட்டும் தொட்டிருந்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கவேண்டும். ஒன்றாகவே இருந்தன. சோதனைகளும் பச்சையாக வந்தன. இறால் திரும்பி வந்துவிட்டது.

அண்ணை எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். நான் கடைசியாக ஒருதரம் அந்தச் சொல்லைத் தேடினேன்.

இன்னும் இருந்தது. இறாலாகவோ சுறாவாகவோ இல்லாமல், இரண்டு இடத்தில்.

ஒன்று, ஒரு வேலையைச் செய்யும் நிரல்பகுதியான செயற்கூறின் தலையில், மும்மேற்கோளுக்குள் எழுதிய விளக்கம். பார்வைக்குக் குறிப்புப்போல இருக்கும். ஆனால் மொழிக்கு அது குறிப்பு அல்ல. மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்து. அதனால்தான் கருவி அதைத் தொடவில்லை. 'இதுக்குள்ள ஒரு பெரிய புலி இருக்கு, காலம் வரேக்க வெளிய வரும்' என்று எழுதியிருந்தான்.  காலம் வரும்போது வெளியே வரும். 

இத்தகைய விளக்கங்கள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது. மீனவர் 'உதவி' என்று செய்தி அனுப்பினால் போகும் பதிலை, நிரல் இன்னொரு செயற்கூறின் இதேமாதிரி விளக்கத்திலிருந்துதான் எடுத்து அனுப்பியது. அதில் இறாலின் குறியீடு இருந்தது. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, நிரல் ஓடும்போது அதை எங்காவது எடுத்துப் பாவிக்கிறதா என்று பார்த்தேன். தம்பியின் பகிடியை அது எங்கும் எடுக்கவில்லை. அந்த ஒன்றைக் கையால் மாற்றினேன். மறுபடி மரங்களை ஒப்பிட்டபோது அந்த ஒரே இடம் மட்டும் வேறுபட்டது. அப்படித்தான் வரவேண்டும்.

மற்ற இடம் வரைபடத்தைக் காட்டும் பக்கத்தில். அது ஜாவாஸ்கிரிப்ட், பைத்தனின் கருவிக்கு அந்த மொழி தெரியாது. அங்கே இரண்டு சாய்கோடுகளுக்குப் பின்னால் வருவது குறிப்பு. ஆனால் இணைய முகவரிகளுக்குள்ளும் அதே இரண்டு சாய்கோடுகள் இருக்கின்றன. அந்த மொழியைப் படிக்கத் தெரிந்த வேறொரு கருவியை எடுத்து, அதே வேலையை அதற்குரிய முறையில் செய்தேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். வேலை என்றேன். கொஞ்சம் பொறுத்து, தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சொல் மட்டும் விளங்கியது.

"அழிச்சுப் போட்டியளோ?"

"மாத்திப்போட்டம் அம்மா."

"மாத்தினது தெரியுமோ?"

 அவர் உள்ளே போய் மாதாவின் படத்துக்கு முன்னால் நின்றார். நான் சாப்பிடவில்லை.

புதன்கிழமை காலை, கரையில் ஓடிக்கொண்டிருந்த நிரலை எடுத்துவிட்டு மாற்றியதை ஏற்றினேன். பிறகு அண்ணைக்கும் எனக்கும் களஞ்சியத்தைப் பற்றிச் சின்ன வாக்குவாதம் வந்தது. பழைய நிலைகளை முழுவதும் அழித்துவிடுவோம் என்றார் அவர். நான் மாட்டேன் என்றேன்.

"அவை கேட்டது இப்ப ஓடுற புரோகிராமை. அதைக் குடுப்பம். பழசைக் கேட்டா அதையும் குடுப்பம், ஏன் மாத்தினதெண்டும் சொல்லுவம். அழிச்சா, எதை அழிச்சனியள் எண்டு கேப்பினம். அதுக்கு நாங்கள் என்ன சொன்னாலும் நம்பமாட்டினம்."

"பயமில்லையோ பிள்ளை உனக்கு?"

"இருக்கண்ணை. அதுக்காகத்தான் சொல்லுறன்."

தம்பியின் பெயரை எடுத்துவிடலாமா என்றும் யோசித்தோம். அவனிடமே கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். நீண்டநேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: 'விடுங்கோ அக்கா. நான்தானே எழுதினது.'

வியாழக்கிழமை தமிழ் பேசியவர் மட்டும் தனியாக வந்தார். தோளில் மடிக்கணினிப் பை. பென்டிரைவை வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்திருந்தோம். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோப்புகளைத் தன் கணினியில் திறந்தார்.

"முழுக்க இதுதானோ?"

"இப்ப ஓடுற புரோகிராம் முழுக்க இதுதான்" என்றேன். 

அவர் ஒன்றிரண்டு கோப்புகளைப் பார்த்தார். பிறகு தேடும் பெட்டியைத் திறந்தார். அவர் அதில் என்ன தட்டுகிறார் என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது. முதலில் சில சொற்கள். கடவுச்சொல், திறவுகோல் என்ற மாதிரி. எல்லோரும் தேடுவதுதான். அதன்பின், எந்த அவசரமும் இல்லாமல், அந்த நான்கு ஆங்கில எழுத்துகள்.

அண்ணை கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"நிறைய இருக்கே" என்றார் வந்தவர். "இது என்ன?"

"இறால் சேர். புலி இறால். அதின்ர குறியீடு."

"குறியீடு ஏன் இந்தச் சொல்?"

"கடற்கரையில அப்பிடித்தான் சொல்லுறவை. எல்லாருக்கும் தெரிஞ்ச பேர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நம்புகிறாரா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு தன் தொலைபேசியை எடுத்தார். "எந்த இலக்கத்துக்கு அனுப்பிறது?" என்று கேட்டார். அண்ணை சொன்னார். வந்தவர் வேலிக்குறி போட்டு, அந்தச் சொல்லைப் போட்டு, மறுபடி வேலிக்குறி போட்டு, இரண்டு என்று தட்டி அனுப்பினார்.

கீழே யாரோ மருந்துக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. நாங்கள் மூவரும் அந்தத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை காலை நான் எழுதிய முதல் தேடலோடு நாங்கள் நின்றிருந்தால், வந்திருக்கக்கூடிய பதில் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இனம் தெரியாது. இறால் என்று சொன்ன என் வாயும் பொய்யாகியிருக்கும்.

தொலைபேசி ஒருதரம் அதிர்ந்தது. அவர் எடுத்து வாசித்தார்.

"புலி இறால் இரண்டு கிலோ. பதிவு செய்யப்பட்டது. உங்கள் கரை எது?" என்று சத்தமாக வாசித்துவிட்டு, "எனக்குக் கரை இல்லை" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். எங்களால் கூடச் சிரிக்க முடியவில்லை.

பிறகு இறங்குதுறைகளின் கோப்பைத் திறந்தார். 

"பிழை இங்க படுத்திருக்கு. ஆரும் தொடாதேங்கோ" என்று மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தார். "படுத்திருக்கு எண்டா நித்திரையோ?"

"ஓம் சேர். அந்த எண்ணில ஒரு பிழை இருக்குது, எப்ப வரும் எண்டு தெரியாது. அதைத்தான் எழுதின பெடியன் அப்பிடி எழுதியிருக்கிறான்."

"நல்ல தமிழ்" என்றார் அவர். கேலியா உண்மையா என்று தெரியவில்லை. கணினியை மூடினார். பென்டிரைவைப் பையில் போட்டார். தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அண்ணை ஜன்னலருகே போய் நின்று, அவர் பட்டினச் சந்திப்பக்கம் போகும்வரை பார்த்தார்.

"அவருக்குத் தெரியும்" என்றார் திரும்பி.

"என்ன தெரியும்?"

"தெரியேல்லை பிள்ளை. என்னவோ தெரியும்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் அந்தச் சொல்லை ஏன் தேடினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எந்தக் கோப்பிலும் அதைத் தேடுவது அவருடைய வழக்கமாக இருக்கலாம். வெளியே ஒன்றையும் காட்டாமல் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டவராகவும் இருக்கலாம்.

அடுத்து வந்த கிழமைகள் அந்த வியாழக்கிழமையைவிட மோசமானவை. தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் மணி நிற்கும்வரை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். வாசலில் மோட்டார்சைக்கிள் வேகம் குறைந்தால் எழும்பி நிற்பேன். தம்பி ஒவ்வொருநாளும் செய்தி அனுப்பினான்: 'ஒண்டும் வரேல்லையே அக்கா?' ஒன்றும் வரவில்லை என்று நான் ஒவ்வொருநாளும் எழுதினேன். ஒருமுறை அண்ணை தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு பெரியமடுவுக்குப் போய், வழியில் வந்ததாகச் சொல்லி அவனுடைய தாயைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த மனுசிக்கு ஒன்றும் தெரியாது. வெண்டிக்காய் பறித்துக் கொடுத்துவிட்டிருந்தார். அதில் பாதியை அண்ணை எனக்குக் கொண்டுவந்து தந்தார்.

கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அண்ணை அதைத் திறக்காமல் என்னைக் கூப்பிட்டார். இருவரும் நின்றபடியே வாசித்தோம். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைக் கோப்புக்குள் எழுதிவைக்கக்கூடாது என்று ஒரு திருத்தம். குறிப்புகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும், தங்கள் பொறியியலாளர்களில் பலருக்குத் தமிழ் விளங்காது என்று இன்னொரு திருத்தம். அவ்வளவுதான். மற்றப்படி ஏற்றுக்கொள்கிறார்கள்.

அண்ணை கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

தம்பிக்கு எழுதினேன். அவன் பதிலாக ஒரு வரி அனுப்பினான்: 'இண்டைக்கு நல்லா நித்திரை கொள்ளுவன்.'

குறிப்புகளை ஆங்கிலமாக்கும் வேலையை எந்தக் கருவியிடமும் கொடுக்க முடியவில்லை. ஒவ்வொன்றையும் வாசித்து, அவன் என்ன சொல்ல வந்தான் என்று யோசித்து, நானே எழுதினேன். அந்த மாதம் முழுவதும் அதுதான் என் வேலை. அவனுடைய தமிழ் நல்ல தமிழ்தான். நான் எழுதிய ஆங்கிலம் உப்பில்லாமல் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்தபின், இதை முன்பின் தெரியாத ஒருவர், எங்கள்மேல் சந்தேகத்தோடு வாசித்தால் என்ன நினைப்பார் என்று இன்னொருதரம் வாசித்துப் பார்ப்பேன். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது வீட்டுக்குச் சாமான் வாங்கச் சொல்லிக் கணவருக்கு அனுப்பும் செய்தியைக்கூட அனுப்புவதற்கு முன் ஒருதரம் அப்படி வாசித்துத்தான் விடுகிறேன்.